முட்டை ரீலும் அறுபது அறைகளும்

கோவைப் பக்கம் ஸ்டிக்கர் பேப்பர் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மோட்டார், டிரைவ், பி.எல்.சி. என்று மெஷின்களின் ஓட்டத்தைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. பேப்பரில் பசை ஒரே சீராக ஏறாமல் பட்டை பட்டையாக விழுகிறது, டிரைவில் கோளாறு, வந்து பாருங்கள் என்றார் முதலாளி.

போனதும் என்னை மெஷினுக்கு அழைத்துப் போகாமல் தரைக்கு அழைத்துப் போனார் ஆபரேட்டர் அண்ணன். கோட்டிங் ஆன பேப்பரை இருபதடி நீளத்துக்கு விரித்து, பட்டை விழுந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு இருபதடி.

"இது ரீல் முழுசா இருக்கும்போது வெட்டினது சார். கோட்டுக்குக் கோடு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல. இது ரீல் பாதி ஆனப்புறம். இடைவெளி குறைஞ்சிருச்சு பாருங்க."

நான் ஒரு நாள் முழுக்க லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டியதை அவர் சாக்பீஸால் முடித்துவிட்டார். மெஷினில் இருக்கும் எந்த ரோலர் கோணலாக இருந்தாலும் பட்டைகளுக்கு நடுவிலான தூரம் மாறவே கூடாது. ரோலரின் சுற்றளவு காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருக்காது. தூரம் குறைகிறது என்றால் குறைந்துகொண்டே போகிற ஒன்றுதான் குற்றவாளி. அது சப்ளை ரீல். முழு ரீல் 1 மீட்டர் விட்டம், சுற்றளவு 3.14 மீட்டர். பட்டை 1.57 மீட்டருக்கு ஒன்று. அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு. சுற்றுக்கு ஒன்று என்றால் ரீல் மையம் தப்பி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு என்றால் ரீலே முட்டை.

கிடங்கில் போய்ப் பார்த்தேன். ரீல்களை நிற்க வைக்காமல் சிமெண்டுத் தரையில் உருட்டிப் படுக்கப் போட்டிருந்தார்கள், சிலவற்றின் மேல் இன்னொன்று. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால் பேப்பர் ரீல் தன் பாரத்திலேயே சப்பையாகிவிடும். குறுக்கும் நெடுக்குமாக அளந்ததில் ஒரு ரீலின் நெடுவிட்டத்துக்கும் குறுவிட்டத்துக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது ஆரம் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியும் குறைந்தும் போகிறது. ஒரு மீட்டர் ரீலில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பேப்பர் இழுபட்டால் எளிதில் நீளாது. ஆயிரத்தில் கால் பங்கு நீட்டினாலே இழுவை நாற்பது, ஐம்பது நியூட்டன் ஏறிவிடும். இந்த மெஷினில் வைத்திருந்த டென்ஷனே 150 நியூட்டன்தான். மெஷினில் ஏற்கெனவே இருந்த பி.ஐ. கன்ட்ரோல் தன்னால் முடிந்த அளவு அமுக்கியும், லோட்செல்லில் 20 நியூட்டன் மேலேயும் 20 கீழேயுமாக ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கெயினைக் கூட்டினேன். ஆட்டம் 20லிருந்து 15க்கு வந்தது. அதற்கு மேல் கூட்டினால் மோட்டாரே உறும ஆரம்பித்தது. பி.ஐ. என்பது அடி விழுந்த பிறகு கையைத் தூக்குகிற ஆள். டென்ஷன் தப்பின பிறகுதான் அதற்குத் தெரியும். தெரிந்து, மோட்டார் வேகத்தை மாற்றி, அந்த மாற்றம் லோட்செல்லுக்கு வந்து சேரும்போது ரீலின் மேடு போய்ப் பள்ளம் வந்திருக்கும். கெயினைப் பழையபடி வைத்துவிட்டேன்.

ஆனால் இந்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். போன சுற்றில் எந்தக் கோணத்தில் விழுந்ததோ, இந்தச் சுற்றிலும் அதே கோணத்தில்தான் விழப்போகிறது. செக்கு மாடு தடத்தில் ஒரு குழி இருந்தால் முதல் சுற்றில் இடறும், பத்தாவது சுற்றில் குழி வருமுன்பே காலை எட்டி வைக்கும். அந்த மாட்டுக்குத் தெரிந்ததைத்தான் மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும்.

கட்டுப்பாட்டுத் துறையில் இதற்கு ரிபெட்டிட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். ஒரு தொந்தரவை முழுசாக அழிக்க வேண்டும் என்றால் அந்தத் தொந்தரவை உண்டாக்கும் அச்சு கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ், வோன்ஹாம் இருவரும் 1976இல் நிறுவினார்கள். மாறாத பிழைக்கு அந்த அச்சு இன்டெக்ரேட்டர், அதாவது பி.ஐ.யில் இருக்கும் ஐ. திரும்பத் திரும்ப வரும் பிழைக்கு அந்த அச்சு ஒரு சுற்று நீளமுள்ள நினைவு. 1981இல் ஜப்பானில் இனோவே, நகானோ குழுவினர் இதைப் புரோட்டான் சின்க்ரோட்ரானின் காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியில் செய்து காட்டினார்கள். அங்கே மின்னோட்டம் ஒரே வடிவத்தில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் போன முறையின் பிழையைப் பார்த்துத் திருத்தினார்கள். அதற்கும் ஸ்டிக்கர் பேப்பர் ரீலுக்கும் சாரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்களுடைய சுற்றுக்கு நேரம் மாறாது. என்னுடையதற்கு மாறும்.

மெஷின் ஓடுவது நிமிஷத்துக்கு 60 மீட்டர், அதாவது வினாடிக்கு 1 மீட்டர். முழு ரீல் ஒரு சுற்றுச் சுற்ற 3.14 வினாடி ஆகும். 20 சென்டிமீட்டராகத் தேய்ந்த ரீல் 0.63 வினாடியில் சுற்றிவிடும். நினைவை நேரத்தில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் நீளத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கோணத்தில் வைத்தேன். ரீல் ஷாஃப்டில் ஓர் என்கோடர். ஒரு சுற்றை 60 அறைகளாகப் பிரித்து, அறைக்கு 6 பாகை. ரீல் எந்த வேகத்தில் சுற்றினாலும் பதினேழாவது அறை என்றால் ரீலின் அதே இடம்தான்.

முதலில் 360 அறைகள் வைத்து, வெட்கப்படும்படி ஒரு தப்பு செய்தேன். அந்த பி.எல்.சி. 10 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் கணக்குப் போடும். முழு ரீலில் அதற்குள் ரீல் ஒரு பாகையைத் தாண்டும், சரி. ரீல் 20 சென்டிமீட்டருக்கு வரும்போது 5.7 பாகை தாண்டிவிடும். ஆறு அறையில் ஐந்தில் யாருமே வந்து எழுதவில்லை. பழைய குப்பை அப்படியே கிடந்தது. 60 என்ற எண் அப்படி வந்ததுதான். அப்புறம் நேர் எதிர்த் தொல்லை: ரீல் பெரிதாக இருக்கும்போது ஒரே அறைக்குள் ஐந்து முறை கணக்கு ஓடும், ஐந்து முறையும் திருத்தத்தைக் கூட்டினால் பாடம் ஐந்து மடங்கு வேகமாக ஏறும். அதனால் அறைக்குள் இருக்கும் வரை பிழையின் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியேறும்போது ஒரே ஒரு முறை எழுத வைத்தேன்.

பழைய பி.ஐ.யை நான் தொடவில்லை. அதன் டென்ஷன் செட்பாயிண்டோடு அறையிலிருந்து எடுத்த எண்ணைக் கூட்டினேன், அவ்வளவுதான். ஓடுகிற கன்ட்ரோலுக்கு மேல் செருகுவதில் ஒரு நிம்மதி உண்டு: ஏதாவது தப்பானால் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டால் மெஷின் பழைய மெஷின். கணக்கின் மையம் இவ்வளவுதான்:

```
sp_eff := sp + M[(n + lead) MOD 60];

IF n <> n_old THEN
   M[n_old] := M[n_old] + 0.25 * e_avg;
   n_old := n;
END_IF
```

இதில் `M` அறுபது அறைகளின் அட்டவணை, `n` இப்போதைய அறை, `e_avg` அந்த அறையில் டென்ஷன் எவ்வளவு தப்பியது என்பதன் சராசரி. பிழையில் கால் பங்கை மட்டும் சேர்க்கிறேன். கணக்கு ஒத்துவந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிழை முக்கால் பங்காகும். பத்துச் சுற்றில் நூற்றுக்கு ஆறாகிவிடும். முழு ரீலில் பத்துச் சுற்று என்பது அரை நிமிஷம், முப்பது மீட்டர் பேப்பர். ஏன் முழுப் பிழையையும் சேர்த்து ஒரே சுற்றில் முடிக்கக் கூடாது என்று யாரும் கேட்பார்கள். அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

`lead` என்பதுதான் காலை எட்டி வைப்பது. செட்பாயிண்டைக் கொஞ்சம் மாற்றினால் டென்ஷன் மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன். மெதுவான அலையாக ஒரு சின்ன மாற்றத்தைக் கொடுத்து, லோட்செல்லில் அதே அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்ப்பது. இரண்டு மூன்று வேகங்களில் பார்த்ததில் ஏறக்குறைய ஒரே விடை: 120 மில்லிவினாடி. முழு ரீல் அந்த நேரத்தில் 14 பாகை திரும்பும். இரண்டு அறை. ஆகவே இப்போதைய அறைக்கு இரண்டு அறை முன்னால் இருப்பதை இப்போதே கொடுத்தால், பலன் சரியாக அந்த அறை வரும்போது வந்து சேரும். `lead` = 2 என்று எழுதினேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். சுற்றுக்கு ஒரு முறை, அட்டவணையிலிருந்து சுற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று முறை வரும் அலைகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிவது. எல்லா அலைகளையும் ஞாபகம் வைக்க ஆசை வரும். ஆனால் வேகமான அலைகளில் மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்கும் தெரியாது, அளந்தாலும் நாளைக்கு மாறும். 1988இல் ஹாராவும் யமமோட்டோவும் உள்ளிட்ட நால்வர் எழுதிய கட்டுரை இதைத்தான் கணிதமாகச் சொன்னது: நிஜ உலகத்து மெஷின்களில் எல்லா அதிர்வெண்ணிலும் பிழையைப் பூஜ்யமாக்கப் பார்த்தால் நிலைத்தன்மை போய்விடும், நினைவுக்குள் ஒரு வடிகட்டி இருந்தே ஆக வேண்டும்.

மறுநாள் காலை ஓட்டினோம். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. ஐந்தாவது சுற்றில் திரையில் கோடு ஒடுங்க ஆரம்பித்தது. பதினைந்தாவது சுற்றில் 20 நியூட்டன் ஆட்டம் 3க்கு வந்துவிட்டது. முதலாளி வந்து பார்த்து, டீ வாங்கி வரச் சொன்னார். பேப்பர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பட்டையில்லாமல் ஓடியது. நான் பில்லை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். ரீல் பக்கத்தில் பேப்பர் படபடவென்று அடிக்கும் சத்தம். திரையில் கோடு சுற்றச் சுற்ற அகலமாகிக்கொண்டே போனது: 5, 8, 15, 30. ஆபரேட்டர் அண்ணன் என்னைக் கேட்காமலே சிவப்பு பட்டனைத் தட்டினார். அதற்குள் பேப்பர் அறுந்துவிட்டது. அறுந்ததைவிடக் கஷ்டம், அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

ரீலை அளந்தோம், 32 சென்டிமீட்டர். பதிவாகியிருந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முட்டை ரீல் சுற்றுக்கு இரண்டு முறைதான் ஆட்டும். வளர்ந்து வெடித்த ஆட்டமோ சுற்றுக்கு மூன்று. இரண்டு முறை வரும் அலை அப்போதும் அடங்கியேதான் இருந்தது. அப்படியானால் இது ரீல் செய்த வேலை இல்லை. நான் செய்த வேலை.

கையால் கணக்குப் போட்டேன். 35 சென்டிமீட்டர் ரீல் வினாடிக்கு 330 பாகை சுற்றும். 120 மில்லிவினாடியில் 40 பாகை. நான் எட்டி வைத்தது இரண்டு அறை, 12 பாகை. 28 பாகை பிந்துகிறது. ரீலின் 28 பாகை, சுற்றுக்கு இரண்டு முறை வரும் அலைக்கு 56 பாகை. மூன்று முறை வரும் அலைக்கு 84. திருத்தம் கால் அலை, அதாவது 90 பாகை பிந்தினால் அது பிழையைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றும் பிழையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கும். கால் பங்காகச் சேர்க்கும்போது எல்லை இன்னும் சற்று முன்னாலேயே, 83 பாகையில் வந்துவிடும். ஆக 35 சென்டிமீட்டரில் மூன்றாவது அலை எல்லையைத் தாண்டியது; 32க்கு வருவதற்குள் ரீல் சுமார் 190 சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக வட்டி ஏற அது போதும்.

தாமதம் நேரத்தில் இருக்கிறது, நினைவு கோணத்தில் இருக்கிறது. நான் நேரத்தை ஒரு முறை கோணமாக மாற்றி, அந்த எண்ணைக் கல்வெட்டாக வைத்துவிட்டேன். திருத்தம் ஒரே வரி:

```
lead := REAL_TO_INT(omega * 0.12 / 6.0);
```

`omega` என்பது ரீல் வினாடிக்கு எத்தனை பாகை சுற்றுகிறது என்பது. முழு ரீலில் இது 2, ரீல் தேய்ந்து 20 சென்டிமீட்டருக்கு வரும்போது 11. அட்டவணையில் பிழை அது நடந்த அறையிலேயே எழுதப்படுவதால், `lead` மாறினாலும் எழுதியது வீணாவதில்லை. எடுத்துக் கொடுக்கும் நேரம்தான் மாறுகிறது. எட்டி வைத்தபின் எழுதும் முறையும் உண்டு. அதில் வேகம் மாறும்போதெல்லாம் பாடம் கலைந்துபோகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு முதலிலேயே புத்தி இருந்தது.

கூடவே மறதியையும் சேர்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அட்டவணையை 0.98ஆல் பெருக்குவது. இதற்கு ஒரு விலை உண்டு: பிழை முழுசாகப் போகாது, நூற்றுக்கு ஏழரை மிச்சம் நிற்கும், அதாவது 20 நியூட்டனுக்கு ஒன்றரை. ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் அலைக்கு இந்த மறதி ஒரு கடிவாளம். பிழையைப் பூஜ்யமாக்க முடிந்தும் வேண்டுமென்றே ஒன்றரை நியூட்டனை விட்டு வைப்பது சின்ன வயதில் எனக்குப் பிடிக்காது. இப்போதெல்லாம் அதை வைக்காமல் மெஷினை விட்டுக் கிளம்புவதில்லை.

அடுத்த ரீல் 19 சென்டிமீட்டர் வரை அடங்கி ஓடியது. அங்கே ரீலை மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். வேலை முடிந்தது என்றுதான் முதலாளியிடம் சொன்னேன். ஆனால் எனக்கு உறுத்தல் இருந்தது. கணக்குப்படி மிச்சம் ஒன்றரை நியூட்டன் இருக்க வேண்டும். இருந்ததோ 3, 4.

அன்றைக்கு இரவு அறையில் உட்கார்ந்து முழு ரீலின் பதிவையும் ஓட்டிப் பார்த்தேன். விநோதமாக ஒன்று தெரிந்தது. அந்த மிச்ச ஆட்டம் ரீல் 30 சென்டிமீட்டருக்கு வந்தபோது முக்கால் நிமிஷம் போலக் காணாமல் போயிருந்தது. பிறகு திரும்பி வந்துவிட்டது. 20ஐ நெருங்கியபோது மறுபடி அரை நிமிஷம் அமைதி. ஆட்டம் கூடினால் காரணம் தேடுவோம். குறைந்ததற்குக் காரணம் தேடியது எனக்கு அதுதான் முதல் தடவை.

30, 20. மூன்று பத்து, இரண்டு பத்து. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரோலர் பேப்பர் பாதையில் இருந்து, அது சுற்றுக்கு ஒரு முறை ஆட்டினால், ரீல் 30 ஆகும்போது ரீலின் ஒரு சுற்றுக்குள் அந்த ரோலர் சரியாக மூன்று சுற்றுச் சுற்றும். அப்போது மட்டும் ரோலரின் ஆட்டமும் ரீலின் கோணத்தோடு ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அதே அறையில் வரும். கன்ட்ரோலர் அதையும் ரீலின் பிழை என்று எண்ணிக் கற்று அழித்துவிடும். ரீல் சில மில்லிமீட்டர் தேய்ந்ததும் கணக்குத் தப்பிவிடும், ஆட்டம் திரும்பிவிடும். 40 சென்டிமீட்டரில் ஏன் அமைதி இல்லை? நான்காவது அலையை நான்தான் தூக்கி எறிகிறேனே.

ஒரே அடி கொடுக்காமல் கால் பங்காகக் கற்பிப்பதற்கான காரணமும் இந்த ரோலரிலேயே இருக்கிறது. ரீலின் சுற்றோடு ஒட்டாத ஆட்டத்தைக் கன்ட்ரோலர் தப்பாகத்தான் புரிந்துகொள்ளும். ரீலின் ஒரு சுற்றுக்கு ரோலர் இரண்டரை சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். போன சுற்றில் பதினேழாவது அறையில் டென்ஷன் ஏறியது. இந்தச் சுற்றில் அதே அறையில் இறங்கும். கன்ட்ரோலர் ஏற்றத்துக்கான மருந்தை இறக்கத்தின் தலையில் ஊற்றும். முழுப் பிழையையும் ஒரே சுற்றில் கற்கும் நினைவு அந்த ஆட்டத்தை இரண்டு மடங்காக்கிவிடும். கால் பங்காகக் கற்றால் பெருக்கம் நூற்றுக்கு 14தான். ஒட்டும் பிழையை வேகமாகத் துடைக்க ஆசைப்படும் அளவுக்கு ஒட்டாத பிழைக்குத் தீனி போடுகிறோம். இந்தப் பரிமாற்றத்திலிருந்து எந்தக் கெட்டிக்காரனும் தப்பியதாக நான் பார்த்ததில்லை.

காலையில் போய், 10 சென்டிமீட்டர் ரோலர் எது என்று கேட்டேன். ஆபரேட்டர் அண்ணன் யோசிக்கவே இல்லை. "லோட்செல் ரோலர்தான் சார், வேற எது?" மெஷினை நிறுத்தி, கையால் ரோலரை மெல்ல உருட்டி, விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ரீல் மாற்றும்போது பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் டேப் போட்டு ஒட்டுவார்கள். அந்த டேப்பின் ஓரத்துப் பசை ரோலரில் ஒட்டி, அதன்மேல் பேப்பர் தூசு ஏறி, விரல் நகம் அளவுக்கு ஒரு மேடு. தடிமன் இரண்டு தாள் இருக்கும். தின்னர் நனைத்த துணியால் அவரே துடைத்தார். மிச்சம் ஒன்றரை நியூட்டனுக்கு வந்தது.

முதல் நாளே அந்த ரோலரைத் துடைத்திருந்தால் இரவு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாம். ஆனால் அப்போது 20 நியூட்டன் ஆட்டத்துக்கு அடியில் அது தெரிந்திருக்காது. பெரியதை எடுத்த பிறகுதான் சின்னது தலை காட்டும்.

சில வாரம் கழித்து ஒரு முறை கூப்பிட்டார்கள்: "பழையபடி ஆடுது, ஆனா நடுநடுவுல நல்லாயிருக்கு." போய்ப் பார்த்தால் ரீலை உள்ளிருந்து பிடித்திருக்கும் ஏர் ஷாஃப்டில் காற்று இறங்கியிருந்தது. ஷாஃப்ட் சுற்றுகிறது, கோர் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது. என்கோடர் இருப்பது ஷாஃப்டில். ரீலின் மேடு அறைவிட்டு அறை இடம் மாறிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அட்டவணையின் படத்தைத் திரையில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். ரீலின் வடிவம் மாறினால் மேடு உயரும், தாழும், ஊராது. வால்வு சீலை மாற்றியதோடு சரி.

ரீல் மாற்றும்போது அட்டவணையைப் பூஜ்யமாக்குவதும் அப்படித்தான் சேர்ந்தது. பழைய ரீலின் குழிக்காகத் தூக்கிய காலைப் புது ரீலில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்துவிட்டோம்.

இந்த முறை ஒத்துவராத ரீலும் உண்டு. லாரியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டு, ஓரிடத்தில் மட்டும் நசுங்கிய ரீல். அது சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று உதைக்கும். அந்த உதையைச் சரியாக அழிக்கப் பத்துப் பன்னிரண்டு அலைகளாவது வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று. ஆட்டத்தில் பாதிதான் குறையும். அந்த ரீல் வந்தால் அண்ணன் மெஷின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார். அதுதான் சரி.

அந்த அட்டவணைப் படத்தை நான் எனக்காகத்தான் திரையில் வைத்தேன். ஊர் திரும்பும்போது எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அண்ணன் விடவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு புது ரீல் ஏற்றி ஓட்டினார்கள். பத்துச் சுற்று முடிந்ததும் திரையில் இரண்டு மேடும் இரண்டு பள்ளமுமாகப் படம் எழும்பி நின்றது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கிடங்குப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, மறுபடியும் படுக்க வெச்சீங்களா?"

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள்: "ரெண்டு நாளுதாண்ணே."

"ரெண்டு மாசம்னு இது சொல்லுதே" என்றார் அண்ணன்.